யோனா எப்போது இறங்கினான்?

யோனா என்றதும் எல்லோருக்கும் மீன்தான் நினைவுக்கு வரும். எபிரேய மொழி படிப்பவர்கள் மீன் வருவதற்கு முன்பே, கப்பலின் அடித்தட்டில் ஒருமுறை நின்றுவிடுவார்கள். கடல் கொந்தளிக்கிறது. மாலுமிகள் அவரவர் தெய்வத்தைக் கூவி அழைக்கிறார்கள், பாரம் குறைய சரக்கைத் தூக்கிக் கடலில் எறிகிறார்கள். யோனா கீழே படுத்துத் தூங்குகிறான். அவன் எப்போது கீழே போனான்? புயலுக்கு முன்பே போயிருந்தால், ஓடிவந்த களைப்பில் கண்ணயர்ந்தவன். புயல் தொடங்கிய பிறகு போயிருந்தால், ஊரே உயிருக்குப் போராடும்போது போய்ப் படுத்துக்கொண்டவன். ஆளே வேறாகிவிடுகிறான்.

இதற்கான துப்பு 'வாவ்' என்ற ஒற்றை எழுத்தில் இருக்கிறது. அந்த எழுத்துக்கு அடுத்து என்ன சொல் நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

எபிரேயத்தில் 'வாவ்' என்பது நம் 'உம்' போல. ஆனால் சொல்லின் பின்னால் ஒட்டாது, முன்னால் ஒட்டும். வினைச்சொல்லுக்கு அங்கே இரண்டு முக்கிய வடிவங்கள் உண்டு. ஒன்றில் செய்தவர் யார் என்ற குறி வினையின் பின்னால் வரும். இது பெரும்பாலும் நடந்து முடிந்ததைச் சொல்லும்: 'யாரத்' என்றால் இறங்கினான். மற்றதில் குறி முன்னால் வரும். இது பெரும்பாலும் நடக்கப்போவதையோ முடியாததையோ சொல்லும்: 'யேரேத்' என்றால் இறங்குவான். இந்த 'இறங்குவான்' முன்னே வாவ் சேர்ந்து, அடுத்த எழுத்து இரட்டித்து, அழுத்தம் முன்னசைக்கு நகர்ந்தால் 'வய்யேரெத்' ஆகும். பொருள் 'இறங்குவான்' அல்ல; 'பிறகு இறங்கினான்'. அதேபோல 'யாகூம்' எழுவான். 'வய்யாகொம்' பிறகு எழுந்தான்.

எதிர்காலம் எப்படி இறந்தகாலமாயிற்று? பழைய யூத இலக்கண ஆசிரியர்கள் இந்த வாவ்தான் காலத்தைத் தலைகீழாக்குகிறது என்று நினைத்து, அதற்குத் 'திருப்பிப்போடும் வாவ்' என்று பெயர் வைத்தார்கள். இன்றைய மொழியியலாளர்களில் பெரும்பாலோர் வேறு விளக்கம் தருகிறார்கள். பழைய செமித்திய மொழிகளில் முன்குறி வடிவமே நீளம், குட்டை என்று இரண்டாக இருந்தது. குட்டையானது இறந்தகாலத்துக்கு உரியது. அக்காடிய மொழியில் அப்படித்தான் வழங்கியது. எபிரேயத்தில் காலப்போக்கில் இரண்டும் ஒலியில் ஏறக்குறைய ஒன்றாகிவிட, குட்டை வடிவம் இறந்தகாலப் பொருளோடு இந்த வாவின் நிழலில் பிழைத்துக்கொண்டது. 'யாகூம்' என்பதன் நெடில் 'வய்யாகொம்' என்பதில் குறுகியிருப்பது அந்தப் பழைய வடிவத்தின் தழும்பு. எபிரேயத்துக்கு நெருங்கிய மோவாபிய மொழியில் கி.மு. 9-ஆம் நூற்றாண்டில் மேசா அரசன் வெட்டுவித்த கல்வெட்டும் இதே வாவ் வினைகளால்தான் தன் வெற்றிகளை அடுக்கிச் சொல்கிறது.

இனி யோனா நூலின் முதல் அதிகாரத்துக்கு வருவோம். மூன்றாம் வசனத்தில் ஐந்து வாவ் வினைகள் வரிசையாக வருகின்றன: எழுந்தான், யோப்பாவுக்கு இறங்கினான், கப்பலைக் கண்டான், கூலி கொடுத்தான், அதில் இறங்கினான். ஒவ்வொன்றும் முந்தையதன் தோளில் கைவைத்து நிற்கிறது. தமிழில் இந்த வேலையை வினையெச்சம் செய்யும்: எழுந்து, போய், கண்டு, கொடுத்து, ஏறினான். நாம் காலத்தைக் கடைசி வினையில் மட்டும் வைக்கிறோம். எபிரேயம் ஐந்தையும் முற்றாகவே நிறுத்துகிறது. நம் வினையெச்சத் தொடர் பொதுவாக ஒரே ஆளைப் பற்றித்தான் ஓடும். வாவ் தொடரில் ஆள் மாறலாம். யோனாவிடமிருந்து மாலுமிக்கு, மாலுமியிடமிருந்து மாலுமித் தலைவனுக்கு என்று அறுபடாமல் போகும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நாம் கப்பல் ஏறுகிறோம், எபிரேயனோ கப்பலில் இறங்குகிறான். ஆகவே மூலத்தில் 'வய்யேரெத்' இரண்டு முறை ஒலிக்கிறது. தமிழில் அவன் யோப்பாவுக்குப் போய்க் கப்பல் ஏறியதும் அந்த இறக்கம் காதில் விழாமல் போகிறது.

வாவ் தொடருக்குக் கண்டிப்பான விதி ஒன்று உண்டு: வாவுக்கும் வினைக்கும் நடுவில் எதுவும் நுழையக்கூடாது. ஒரு பெயர் நுழைந்தாலும் வினை பின்குறி வடிவத்துக்கு மாறி, தொடர் அறும். நான்காம் வசனத்தில் அப்படித்தான் அறுகிறது. வாவை ஒட்டிக் கர்த்தரின் பெயர் வருகிறது. பெருங்காற்றைக் கடல்மேல் எறிந்த வினை பின்குறி வடிவத்தில் நிற்கிறது. இங்கே காலம் பின்னோக்கிப் போகவில்லை. இதுவரை யோனா செய்ததைப் பார்த்தோம், இனி மறுபக்கத்தைப் பார் என்று கதை முகத்தைத் திருப்புகிறது.

ஐந்தாம் வசனத்தில் தொடர் மறுபடி ஓடுகிறது: மாலுமிகள் பயந்தார்கள், கூப்பிட்டார்கள், சரக்கை எறிந்தார்கள். உடனே மீண்டும் அறுகிறது: 'வெயோனா யாரத்'. வாவை ஒட்டி யோனா. பிறகு 'இறங்கு' என்ற அதே வினை, ஆனால் பின்குறி வடிவில். 'பிறகு யோனா இறங்கினான்' என்று வரிசைப்படுத்த எழுதியவருக்கு 'வய்யேரெத்' கையிலேயே இருந்தது. இரண்டு வசனங்களுக்கு முன்புதான் இரண்டு முறை பயன்படுத்தியிருக்கிறார். அதை விட்டுவிட்டு இந்த வடிவத்தை எடுத்தது, இது வரிசையில் அடுத்தது அல்ல என்று காட்டத்தான். அதனால் '1611' ஆங்கில மொழிபெயர்ப்பு உட்படப் பலரும் 'யோனாவோ ஏற்கெனவே இறங்கியிருந்தான்' என்ற பொருளில் எடுத்தார்கள். அதை அடுத்து 'படுத்தான்', 'அயர்ந்து தூங்கினான்' என இரண்டு வாவ் வினைகள் வருகின்றன. அவை மாலுமிகளின் நேரத்தைத் தொடராமல், யோனா இறங்கிய அந்தப் பழைய நேரத்திலிருந்து ஓடுகின்றன. வாவ் வினைக்குச் சொந்தமாக ஒரு கடிகாரம் கிடையாது. முன்னால் நிற்பது எந்த நேரமோ, அங்கிருந்து ஓர் அடி முன்னே வைக்கும், அவ்வளவே.

அறுந்த இடமெல்லாம் முன்கதை என்று எடுத்துக்கொண்டால் தப்பாகிவிடும். நான்காம் வசனம் வெறும் எதிர்நிறுத்தல்தான். ஐந்தாம் வசனத்தையும் 'மாலுமிகள் அப்படி, யோனா இப்படி' என்று மட்டும் படிக்க இடமுண்டு. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு சாதாரண இறந்தகாலத்தோடு நிறுத்திக்கொண்டு, யோனாவைக் குறட்டையும் விடவைக்கிறது. எதிர்மறை வாக்கியத்திலோ தொடர் அறுந்தே ஆகவேண்டும். 'லோ', அதாவது 'இல்லை', வாவுக்கும் வினைக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துவிடும். மூன்றாம் அதிகாரத்தின் முடிவில் கடவுள் நினிவேக்குத் தீங்கு செய்யாமல் விட்டார் என்பது அப்படி அறுந்ததுதான். அங்கே முன்கதை எதுவும் இல்லை. அறுந்தது எங்கே என்பதை இலக்கணம் காட்டும். ஏன் அறுந்தது என்பதைக் கதையைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆறாம் வசனத்தில் மாலுமித் தலைவன் வரும்போது யோனா ஆழ்ந்த உறக்கத்தில் இருப்பதால், முன்பே இறங்கியிருந்தான் என்ற வாசிப்பே எனக்குப் பொருந்துகிறது.

நான்காம் அதிகாரத்தில் இதே கேள்வி மறுபடி வருகிறது. நகரம் தப்பிவிட்டது. யோனா அதற்காகக் கோபப்பட்டும் முடித்துவிட்டான். அதன் பிறகு அவன் நகரத்தைவிட்டு வெளியேறி, குடிசை போட்டு, என்ன நடக்குமோ என்று பார்த்துக்கொண்டு உட்காருகிறான். முடிவு தெரிந்த பிறகு பார்க்க என்ன இருக்கிறது? ஆகவே இது நாற்பது நாள் கெடு முடிவதற்கு முன் நடந்தது என்று சில உரையாசிரியர்கள் பின்னே தள்ளுகிறார்கள். ஆனால் அங்கே இருப்பது 'வய்யேட்ஸே யோனா': வாவை ஒட்டியே வினை, பெயர் அதற்குப் பின்னால். நடுவில் எதுவும் நுழையவில்லை. கப்பலில் பின்னோக்கிப் போக இலக்கணமே கதவைத் திறந்து வைத்திருந்தது. இங்கே கதவு சாத்தியிருக்கிறது; தள்ளித் திறப்பவர்கள் கதையின் நியாயத்தை நம்பித்தான் திறக்கிறார்கள். இலக்கணம் சொல்கிறபடி படித்தால், தீர்ப்பு வந்த பிறகும் அது மாறாதா என்று வெயிலில் காத்திருக்கும் பிடிவாதக்காரன் ஒருவன் அங்கே உட்கார்ந்திருக்கிறான்.