கடைசி ஆட்டம் எத்தனை மணிக்கு?

நள்ளிரவு வரை கேம் ஆடிவிட்டுப் படுத்தால் தூக்கம் வராது. அதற்குத் திரையின் நீல வெளிச்சமே காரணம் என்று பலரும் நம்புகிறோம். ஜப்பானிய ஆய்வாளர் ஹிகுச்சியும் அவருடைய குழுவினரும் 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு வெளிச்சத்தையும் ஆட்டத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தது. இளைஞர்கள் சிலர் இரவு 11 மணியிலிருந்து 1.45 வரை கணினி முன் உட்கார்ந்தார்கள். ஓர் இரவு விறுவிறுப்பான கேம், இன்னோர் இரவு சலிப்பூட்டும் எளிய வேலை. இரண்டையுமே பளிச்சென்ற திரையிலும் மங்கலான திரையிலும் செய்தார்கள். கேம் ஆடிய இரவுகளில் இதயத் துடிப்பு கூடியிருந்தது, தூக்கம் பிடிக்கவும் அதிக நேரமானது. திரை பளிச்சென்று இருந்ததா, மங்கலாக இருந்ததா என்பது தூக்கத்தில் பெரிய வேறுபாடு எதையும் காட்டவில்லை.

அப்படியானால் விழிக்க வைப்பது ஆட்டம்தான். எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று காது தேடும்போதும், வட்டம் சுருங்கச் சுருங்க விரல்கள் விரையும்போதும், மூளை அதை உண்மையான சவாலாகவே எடுத்துக்கொள்கிறது. பரிவு நரம்பு மண்டலம் முடுக்கப்படுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, கவனம் கூர்மையாகிறது. தூங்குவதற்கு உடல் இதற்கு நேர் எதிரான திசையில் போக வேண்டும்: துடிப்பு தணிய வேண்டும், உடலின் உள்வெப்பம் குறைய வேண்டும், மனம் எதையும் துரத்தாமல் இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்தாலும் மூளை அந்த வேகத்திலிருந்து உடனே இறங்குவதில்லை. தோற்ற ஆட்டத்தைக் கண்ணை மூடியபடியே மறுபடி ஆடிப் பார்க்கிறது.

ஆனால் இந்தக் கிளர்ச்சி தனியாக எவ்வளவு தூக்கத்தைத் தின்கிறது? ஆஸ்திரேலியாவின் பிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பதின்வயதுப் பையன்கள் ஓர் இரவு 50 நிமிடம் ‘கால் ஆஃப் டியூட்டி’ ஆடினார்கள். இன்னோர் இரவு பென்குவின்களைப் பற்றிய ஆவணப்படம் பார்த்தார்கள். படம் பார்த்த இரவில் தூங்க ஏறத்தாழ 3 நிமிடம் ஆனது, கேம் ஆடிய இரவில் ஏழரை நிமிடம். வித்தியாசம் நாலரை நிமிடம்தான். அதே பல்கலைக்கழகத்தினர் பங்கேற்ற 2013-ஆம் ஆண்டு ஆய்வில் ஆட்டத்தை 150 நிமிடத்துக்கு நீட்டினார்கள். 50 நிமிடம் ஆடிய இரவோடு ஒப்பிட்டால், மொத்தத் தூக்கம் 27 நிமிடம் குறைந்தது.

அளவோடு ஆடினால் பெரிய கேடில்லை, நீண்டால்தான் இழப்பு என்பது இதிலிருந்து தெரிகிறது. வீட்டிலோ ஆய்வகத்தைப் போல ஆட்டத்தை நிறுத்தச் சொல்ல ஆளில்லை. விழிப்பு கூடியிருப்பதால் தூக்கக் கலக்கம் தெரிவதில்லை. ‘இன்னும் ஒரே ஒரு மேட்ச்’ என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் போய்விடும். பறிபோகும் தூக்கத்தில் பெரும்பகுதி போவது இங்கேதான்.

ஆகவே கட்டுப்படுத்த வேண்டியது கடைசி ஆட்டத்தைத் தொடங்கும் நேரத்தை. பாதியில் விட்டுவிட்டு வர அணியில் இருப்பவர்கள் சம்மதிக்கமாட்டார்கள், ஆனால் புதிதாக ஒன்றில் சேராமல் இருக்கலாம். காலை 6.30-க்கு எழ வேண்டிய பிளஸ் டூ மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அந்த வயதில் குறைந்தது 8 மணி நேரத் தூக்கம் தேவை. அப்படியென்றால் 10.30-க்குத் தூங்கியிருக்க வேண்டும். வேகம் தணிய ஒரு மணி நேரம், ஆட்டத்துக்கு அரை மணி நேரம் என்று கழித்தால், கடைசி மேட்ச் 9 மணிக்குத் தொடங்கலாம்.

இப்போது அவர் 12.30-க்குத் தூங்குபவர் என்றால், இன்றிரவே 10.30-க்குப் படுப்பது பலிக்காது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான் உடல் கடிகாரம் நம்மை மிகவும் விழிப்பாக வைத்திருக்கும் நேரம். புரண்டு புரண்டு படுத்துவிட்டு, ‘தூக்கம்தான் வரவில்லையே’ என்று மறுபடி கைபேசியை எடுப்பதில்தான் இது முடியும். படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னே நகர்த்துவது நல்லது. எழும் நேரத்தை ஞாயிற்றுக்கிழமையும் மாற்றாமல், எழுந்ததும் வெயிலில் சிறிது நேரம் நின்றால் கடிகாரம் முன்னே நகரும். ரேங்க் ஆட்டங்களை மாலையிலேயே முடித்துக்கொள்ளலாம்.

பலன் தெரிகிறதா என்று அறிய விடுமுறை நாளைக் கவனித்தால் போதும். அலாரம் வைக்காத நாளிலும் ஏறக்குறைய வழக்கமான நேரத்துக்கே விழிப்பு வந்தால் தூக்கம் போதுமானது. நண்பகல் வரை தூங்கினால் தூக்கக் கடன் இன்னும் பாக்கி இருக்கிறது, கடைசி மேட்ச் இன்னும் முன்னே போக வேண்டும். படிப்பும் உறவும் கெடுவது தெரிந்தும் பல மாதங்களாக நிறுத்த முடியாமல் தவித்தால், அது நேர அட்டவணையால் தீராது. உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ள பாதிப்பாக அது இருக்கலாம், மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.