வியாழன் மாலை நாலு மணித் தகவல்

ஆட்குறைப்பு பற்றிய முதல் மின்னஞ்சல் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலையில்தான் வருகிறது. "சிலர் பாதிக்கப்படலாம், விவரங்களை விரைவில் தெரிவிப்போம்" என்று இரண்டே வரி. திங்கட்கிழமை காலைக்குள் அலுவலக வாட்ஸ்அப் குழுக்களில் மீதிக் கதை எழுதப்பட்டுவிடுகிறது. எச்.ஆர். பிரிவு இரண்டு மீட்டிங் அறைகளை வாரம் முழுக்கப் பிடித்து வைத்திருக்கிறதாம். பிரிண்டரில் ஒரு பட்டியலை யாரோ பார்த்தார்களாம். முப்பது சதவீதம் பேராம்.

பேசுகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வதந்தி பற்றி 1947-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஒரு விஷயம் நமக்கு எவ்வளவு முக்கியம், அதுபற்றி எவ்வளவு தெளிவில்லை என்ற இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வதந்தியின் வீச்சு என்பது அவர்கள் கணக்கு. வீட்டுக் கடன் கட்டுகிறவருக்கு வேலையின் முக்கியத்துவத்தை யாராலும் குறைக்க முடியாது. நிர்வாகத்தின் கையில் இருப்பது இரண்டாவது எண் மட்டும்தான்.

மெட்டா நிறுவனம் 2023 மார்ச் 14 அன்று சுமார் 10,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. கூடவே ஒரு கால அட்டவணையையும் மார்க் சக்கர்பெர்க் சொன்னார். ஆள்சேர்ப்புப் பிரிவுக்கு மறுநாளே தெரியும், தொழில்நுட்பப் பிரிவுகளுக்கு ஏப்ரல் கடைசியில், வணிகப் பிரிவுகளுக்கு மே கடைசியில். தன் முறை எப்போது வரும் என்பதாவது ஒருவருக்குத் தெரிந்தது. அது பெரிய விஷயம்தான். ஆனால் வணிகப் பிரிவில் இருந்தவர் இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு நீண்ட இடைவெளிக்குத் தேதி மட்டும் போதாது என்பது என் கருத்து. இடையில் சீராக ஏதாவது வந்துகொண்டே இருக்க வேண்டும்.

அது எப்படி இருக்கும்? சோழிங்கநல்லூரில் 400 பேர் வேலை செய்யும் ஒரு மென்பொருள் நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஒவ்வொரு வியாழனும் மாலை நாலு மணிக்குத் தகவல் வரும் என்று தலைவர் சொல்லிவிடுகிறார். முதல் வாரக் கடிதம் இப்படிப் போகிறது: "இரண்டு புராஜெக்ட்டுகள் மார்ச் 31-இல் முடிகின்றன. அவற்றில் 60 பேர் இருக்கிறார்கள். இது முடிவான விஷயம். இவர்களில் எத்தனை பேருக்கு வேறு குழுக்களில் இடம் உண்டு என்பது இன்னும் முடிவாகவில்லை. 20-ஆம் தேதி சொல்வோம். யார் யார் என்ற பெயர்களை இங்கே சொல்ல மாட்டோம். அதைச் சம்பந்தப்பட்டவரிடம்தான் முதலில் பேசுவோம்."

முடிவானது, முடிவாகாதது, சொல்லப்போவதில்லை என்று பிரித்துவிட்டதால், படிக்கிறவர் வரிகளுக்கு நடுவே எதையும் தேட வேண்டியதில்லை. இந்தக் கடிதம் ஒரு மணி நேரம் முன்னதாகவே மேனேஜர்களுக்குப் போய்விட வேண்டும். நாலு மணி ஐந்து நிமிடத்துக்குக் குழுவினர் கேட்கப்போவது அவர்களைத்தான். "எனக்கும் இப்போதுதான் தெரியும்" என்று ஒரு மேனேஜர் கையை விரித்தால் அடுத்த வதந்தி அங்கேயே பிறக்கும்.

கஷ்டமான வாரம் மூன்றாவது வாரம். புதிதாக ஒன்றும் இருக்காது. "சொல்ல ஒன்றுமில்லையே, இந்த வாரம் விட்டுவிடலாம்" என்று தோன்றும். விட்டால் போச்சு. வராத கடிதத்துக்கு ஆளுக்கொரு அர்த்தம் கற்பிப்பார்கள். "இந்த வாரம் எந்த முடிவும் எடுக்கவில்லை, 20-ஆம் தேதி மாறவில்லை" என்ற இரண்டு வரியாவது நாலு மணிக்குப் போக வேண்டும். தேதி தள்ளிப்போனால், அந்தத் தேதி வருவதற்கு முன்பே காரணத்தோடு சொல்லிவிட வேண்டும்.

வதந்திகளை ஒவ்வொன்றாக மறுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. சென்னை அலுவலகத்தை மூடுகிறார்களா என்ற கேள்விக்கு இரண்டு வாரம் "இல்லை" என்றுவிட்டு, மூன்றாவது வாரம் "கருத்துச் சொல்ல இயலாது" என்றால், அதையே "ஆம்" என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எந்த வகைக் கேள்விகளுக்கு உண்மை எதுவானாலும் பதில் கிடையாது என்பதை முதல் வாரமே சொல்லிவிடுவதுதான் வழி. பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனமாக இருந்தால் கூடுதல் கட்டுப்பாடு உண்டு. பங்கு விலையைப் பாதிக்கும் தகவலை ஊழியர்களிடம் மட்டும் முன்கூட்டிப் பரப்ப முடியாது. அதையும் மறைக்காமல் சொல்லலாம்.

பலன் தெரிகிறதா என்பதை ஊழியர்கள் அனுப்பும் கேள்விகளே காட்டிவிடும். முதலில் "முப்பது சதவீதமாமே, உண்மையா?" என்ற ரகமாக வரும். நம்பிக்கை வர வர, "நோட்டீஸ் காலச் சம்பளம் எந்தத் தேதியில் வரும்?", "மருத்துவக் காப்பீடு எதுவரை?" என்று மாறும். பழைய கேள்வியே நாலாவது வாரமும் வந்தால், கடிதத்தில் ஏதோ மழுப்பல் இருக்கிறது.

கடைசி ஆள் விடைபெற்ற அன்றே பல இடங்களில் கடிதங்களும் நின்றுவிடுகின்றன. இருப்பவர்கள் "அடுத்த சுற்று எப்போது?" என்று யோசிக்கத் தொடங்குவது அன்றுதான். "இனிமேல் கிடையாது" என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் சொல்லவே கூடாது. "இந்தக் காலாண்டில் இல்லை. அடுத்த காலாண்டுக் கணக்கு வந்ததும், ஜூலை இரண்டாம் வாரம் நிலைமையைச் சொல்கிறோம்" என்று எழுதலாம். அதற்குப் பிறகும் ஆறேழு வாரமாவது வியாழக்கிழமைக் கடிதம் போக வேண்டும்.