கோப்பைப் பிடித்திருப்பது யார்?

சக ஊழியர் எழுதி முடித்த நிரல் மாற்றங்களை இழுத்துக்கொள்ள `git pull` என்று தட்டுகிறார் ஒருவர். லினக்ஸிலோ மேக்கிலோ இரண்டு விநாடியில் வேலை முடிந்துவிடும். விண்டோஸில் சில நாள்களில் மட்டும் திரை இப்படி நின்றுவிடும்:

```
Updating 3f2c1a9..b81d0e4
Unlink of file 'data/pricelist.xlsx' failed. Should I try again? (y/n)
```

பழைய கோப்பை அழிக்க முடியவில்லை, மறுபடி முயலட்டுமா என்று கிட் கேட்கிறது. பெரும்பாலோர் எரிச்சலில் n தட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்குகிறது.

கிட் 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கர்னல் வேலைக்காக எழுதிய கருவி. ஒரு கோப்பின் புதிய பதிப்பு வந்தால் பழையதை முதலில் அழித்துவிட்டு, அதே பெயரில் புதிதாக ஒன்றை உருவாக்குவது அதன் வழக்கம். அழிப்பதற்கு யூனிக்ஸ் உலகில் பெயர் 'அன்லிங்க்'. அங்கே கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. வீட்டு வாசலில் உள்ள பெயர்ப்பலகையைக் கழற்றுவது போலத்தான் அன்லிங்க்: உள்ளே குடியிருப்பவர் காலி செய்யும் வரை வீடு அப்படியே இருக்கும், பலகை இருந்த இடத்தில் வேறு பலகையை உடனே மாட்டிக்கொள்ளலாம். ஒரு நிரல் பழைய கோப்பைத் திறந்து படித்துக்கொண்டிருந்தாலும் அதற்கு இடைஞ்சல் இல்லை. அது பழையதையே படித்து முடிக்கும்.

விண்டோஸ் வேறு வழியில் வந்தது. 1984-இல் வெளியான எம்எஸ்-டாஸ் 3.0-இலேயே, பலர் ஒரே கோப்பைத் தொடும்போது ஒருவரையொருவர் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகப் பகிர்வு விதிகள் வந்துவிட்டன. இன்றைய விண்டோஸிலும் ஒரு நிரல் கோப்பைத் திறக்கும்போதே நிபந்தனை போடலாம். நான் வைத்திருக்கும்போது மற்றவர்கள் படிக்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமா என்று மூன்றுக்கும் தனித்தனி அனுமதி உண்டு. மூன்றாவது அனுமதியின் பெயர் `FILE_SHARE_DELETE`. கோப்பைத் திறந்தவர் அதைக் கொடுக்காமல் விட்டால், அவர் மூடும் வரை வேறு எவராலும் அந்தக் கோப்பை அழிக்க முடியாது. பல நிரல்கள் அதைக் கொடுப்பதில்லை. வேண்டுமென்றே மறுப்பவையும் உண்டு, எழுதியவருக்கு அப்படியொன்று இருப்பதே தோன்றாமல் விடுபட்டவையும் உண்டு.

இங்கே எடிட்டர் என்றதும் எல்லா எடிட்டர்களையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. நோட்பேடும் விஎஸ் கோடும் கோப்பைப் படித்து நினைவகத்தில் வைத்துக்கொண்டு கையை எடுத்துவிடும். திரையில் திறந்திருந்தாலும் வட்டில் பூட்டு இருக்காது. பிடித்துக்கொண்டே இருப்பவை வேறு: எக்செல், வேர்டு, டிஎல்எல் கோப்புகளை ஏற்றி வைத்திருக்கும் யூனிட்டி எடிட்டர், ஜார் கோப்பிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா நிரல்.

மேலே உள்ள திரையையே எடுத்துக்கொள்வோம். ஒரு பில்லிங் மென்பொருள். அதன் விலைப்பட்டியல் எக்செல் கோப்பாகக் களஞ்சியத்துக்குள்ளேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வந்திருக்கும் மாற்றம் பன்னிரண்டு கோப்புகளைத் தொடுகிறது. அவற்றில் விலைப்பட்டியல் மட்டும் எக்செலில் திறந்து கிடக்கிறது. கிட் அதை அழிக்கப் பார்க்கிறது, முடியவில்லை. உடனே கைவிடுவதில்லை, சில மில்லிவிநாடி இடைவெளி விட்டு விட்டு மேலும் சிலமுறை முயல்கிறது. அந்த இடைவெளிகளைக் கூட்டினால் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதற்குள் பூட்டு விலகாவிட்டால்தான் நம்மிடம் கேள்வி கேட்கிறது.

இந்தக் கேள்வி வந்து நிற்கும் நேரம்தான் சரிசெய்ய மிக எளிய நேரம். எக்செலை மூடிவிட்டு y தட்டினால் போதும், மீதி எல்லாம் வழக்கம்போல் நடந்து முடியும். ஆனால் எடிட்டருக்குள் இருக்கும் பொத்தானை அழுத்தி புல் செய்தவர்களுக்கு இந்தக் கேள்வியே பெரும்பாலும் வராது. கேட்பதற்கு டெர்மினல் இல்லாததால் கிட் நேராகப் பிழையைச் சொல்லிவிடும்.

n தட்டினால் இப்படி வரும்:

```
error: unable to unlink old 'data/pricelist.xlsx': Invalid argument
```

சில சமயம் கடைசியில் `Permission denied` என்றும் வரும். அதைப் பார்த்ததும் பலர் செய்வது, டெர்மினலை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து மறுபடி முயல்வது. பயனில்லை. இது யாருக்கு உரிமை உண்டு என்ற பிரச்சினை அன்று. இன்னொரு நிரல் கோப்பைக் கையில் வைத்திருக்கும் பிரச்சினை. அட்மினிஸ்ட்ரேட்டருக்கும் அதே பதில்தான் கிடைக்கும்.

இனி கவனிக்க வேண்டியது, புல் பாதியில் நின்ற நிலை. ஒரு கோப்பு தோற்றதும் கிட் மற்ற பதினொன்றை விட்டுவிடுவதில்லை. அவற்றையெல்லாம் புதிய பதிப்பாக எழுதி முடித்துவிடுகிறது. ஆனால் ஒன்று தோற்றதால் 'நாம் இப்போது புதிய பதிப்பில் இருக்கிறோம்' என்று தன் கணக்கில் பதிந்துகொள்வதில்லை. கணக்கு பழையது, வட்டில் உள்ளது புதியது. `git status` போட்டால் தான் தொடவே தொடாத கோப்புகள் எல்லாம் மாற்றப்பட்டவையாகச் சிவப்பில் வரிசை கட்டி நிற்கும். சரி, மறுபடி புல் செய்வோம் என்றால், உங்கள் மாற்றங்கள் அழிந்துவிடும் என்று கிட் மறுத்துவிடும்:

```
error: Your local changes to the following files would be overwritten by merge:
```

இந்த இடத்தில் பொதுவாகக் கிடைக்கும் அறிவுரை `git reset --hard`. வேலை செய்யும்தான். ஆனால் வேறொரு கோப்பில் கமிட் செய்யாமல் வைத்திருந்த சொந்த வேலை இருந்தால் அதுவும் கேள்வி கேட்காமல் போய்விடும். சிவப்புப் பட்டியலில் எது புல் எழுதியது, எது நம் கையால் எழுதியது என்று பார்த்துப் பிரிப்பதும் கடினம்.

இதைவிடப் பத்திரமான வழி ஒன்று உண்டு. புல் என்பது இரண்டு வேலை: தொலைவிலிருந்து மாற்றங்களைக் கொண்டுவருவது, பிறகு அவற்றை நம் கோப்புறையில் பொருத்துவது. முதல் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. தோற்றது இரண்டாவது மட்டும். ஆகவே எக்செலை, சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, மூடிவிட்டு இப்படிச் செய்யலாம் (கிளையின் பெயர் `main` என்று வைத்துக்கொண்டு):

```
git log origin/main..HEAD
git reset origin/main
git status
git restore data/pricelist.xlsx
```

முதல் வரி ஒன்றும் காட்டாமல் இருக்க வேண்டும். இன்னும் அனுப்பாத நம் சொந்த கமிட் எதுவும் இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம்; ஏதாவது காட்டினால் இந்த வழியில் போகக் கூடாது. இரண்டாவது வரியில் `--hard` இல்லை என்பதே இதன் உயிர். அது வட்டில் உள்ள எந்தக் கோப்பையும் தொடாது, கிட்டின் கணக்கை மட்டும் புதிய பதிப்புக்கு நகர்த்தும். உடனே சிவப்புப் பட்டியல் சுருங்கிவிடும். சரியாக வந்து சேர்ந்த பதினொன்றும் மறைந்து, விலைப்பட்டியலும், நம் சொந்த மாற்றம் ஏதேனும் இருந்தால் அதுவும் மட்டும் நிற்கும். கடைசி வரி விலைப்பட்டியலை அதன் புதிய பதிப்பால் நிரப்புகிறது. நடுவில் `git fetch` போட்டுவிடக் கூடாது. இதற்குள் வேறு யாராவது புதிதாக அனுப்பியிருந்தால் கணக்கு மறுபடி குழம்பும்.

எக்செல் என்பதால் குற்றவாளி கண்ணெதிரே இருந்தது. எல்லா நேரமும் அப்படி இருக்காது. விண்டோஸிலேயே உள்ள ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து (ரன் பெட்டியில் `resmon`), சிபியு பக்கத்தில் 'அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்' தேடல் கட்டத்தில் கோப்பின் பெயரைத் தட்டினால், அதைப் பிடித்திருக்கும் நிரலின் பெயர் வந்துவிடும். மைக்ரோசாஃப்ட்டின் இலவச பவர்டாய்ஸ் தொகுப்பில் இருக்கும் ஃபைல் லாக்ஸ்மித், கோப்பின் மேல் வலது சொடுக்கு போட்டே இதைச் சொல்லிவிடும்.

ஆன்ட்டிவைரஸ் இந்த வலையில் சிக்குவதில்லை. அது கோப்பைப் பிடிப்பது கண நேரம்தான்; தேடிப் பார்க்கும்போது விட்டிருக்கும். அதை வேறு விதமாகத்தான் அடையாளம் காண வேண்டும். எத்தனை முறை முயன்றாலும் அதே கோப்பு தோற்றால், அதைத் திறந்து வைத்திருக்கும் நிரல் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோப்பு தோற்று, சற்றுப் பொறுத்து முயன்றால் தானாகச் சரியாகிவிட்டால், சந்தேகம் ஸ்கேனர் மேல். களஞ்சியம் ஒன்டிரைவ் கோப்புறைக்குள் இருந்தால், அந்த ஒத்திசைவு நிரலும் இதே போலத் தொட்டுத் தொட்டு விடும். அதற்கு மருந்து எளிது: களஞ்சியத்தை அங்கிருந்து வெளியே கொண்டுபோய்விடுவது.

ஸ்கேனர் காரணம் என்றால் செய்தியும் சில சமயம் மாறிவரும்:

```
error: unable to create file src/tax.js: Permission denied
```

இங்கே அழிப்பது வெற்றி, உருவாக்குவதுதான் தோல்வி. ஸ்கேனர் அழிக்கும் அனுமதியைக் கொடுத்தே கோப்பைத் திறந்திருக்கலாம். ஆனால் விண்டோஸின் பழைய முறையில், அழிக்கச் சொன்ன கோப்பு அதைத் திறந்திருக்கும் கடைசி நிரல் விடும் வரை 'அழிக்கப்பட இருக்கிறது' என்ற இரண்டுங்கெட்டான் நிலையில் கிடக்கும். பெயர் அதுவரை விடுபடாது. அதே பெயரில் புதியது பிறக்கவும் முடியாது. ஸ்கேனர் கையை எடுத்ததும் பழையதும் மறைந்துவிடும். ஆக, முந்தைய பிழையில் பழைய கோப்பு மிஞ்சுகிறது; இதில் கோப்பே இல்லாமல் போகிறது. பதறத் தேவையில்லை, மேலே சொன்ன நான்கு வரிகள் இதற்கும் பொருந்தும். விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளில், என்டிஎஃப்எஸ் வட்டுகளில், லினக்ஸைப் போல அழித்தவுடன் பெயரை விடுவிக்கும் முறை வந்துவிட்டதால் இந்த இரண்டாம் வகை முன்பைவிடக் குறைவு. அனுமதி தராமல் பிடித்திருப்பவரை மட்டும் அந்த முறையாலும் அசைக்க முடியாது.

களஞ்சியக் கோப்புறையை ஸ்கேனரின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடு என்பது அடிக்கடி சொல்லப்படும் தீர்வு. பிழை நிற்கும், கூடவே, இணையத்திலிருந்து இழுத்து வரும் நூலகங்கள் விழும் அதே கோப்புறைக்குக் காவலும் நின்றுவிடும். நிறுவனக் கணினி என்றால் அந்தப் பட்டியல் பெரும்பாலும் ஐடி பிரிவின் கையில்தான் இருக்கும். விண்டோஸ் 11-இல் 2023-இல் வந்த 'டெவ் டிரைவ்' ஓரளவு நடுவழி. அந்த வட்டில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர், கோப்பைத் திறப்பவரைக் காக்க வைக்காமல் சோதனையைப் பிறகு செய்துகொள்ளும். வேறு நிறுவனத்தின் ஆன்ட்டிவைரஸ் ஓடும் கணினியில் இந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

எக்செல் வகைப் பூட்டுக்கு அந்த வட்டும் உதவாது. விலைப்பட்டியலை சிஎஸ்வி கோப்பாக வைத்தால் யார் எந்த வரியை மாற்றினார் என்பதாவது கிட்டில் தெரியும். ஆனால் அதையும் எக்செலிலேயே திறந்து வைத்திருந்தால் பூட்டு அப்படியேதான்.