உங்களுக்குத் தெரியுமா? குறட்டை திடீரென நின்றால் நிம்மதி அல்ல!

குறட்டை விடுபவர் சட்டென்று அமைதியானால், தொண்டை அடைத்து மூச்சே நின்றிருக்கலாம். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து காற்றுப்பாதையை மூடிவிடுகிறது. நெஞ்சும் வயிறும் மட்டும் மூச்சிழுக்கத் திணறும். இப்படி 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றால் அது மூச்சுத் தடை. மணிக்கு 30 முறைக்கு மேல் போனால் நோய் தீவிரம்.

ஒவ்வொரு தடையிலும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைய, மூளை பதறி அட்ரினலினைச் சுரக்க வைக்கிறது. ரத்த அழுத்தம் எகிறுகிறது. இரவில் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டிய அழுத்தம் இறங்குவதில்லை; நாளடைவில் பகலிலும் உயர்ந்தே நிற்கும். மூடிய தொண்டைக்கு எதிராக மூச்சை இழுப்பதால் நெஞ்சுக்குள் உண்டாகும் உறிஞ்சு விசை இதயச் சுவரையும் இழுக்கிறது. சீரற்ற இதயத் துடிப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

மூச்சுத் தடை இருக்குமா என்று அறிய மருத்துவர்கள் கேட்கும் எட்டுக் கேள்விகள்: பலத்த குறட்டையா, பகலில் அசதியா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, பிபி உண்டா, உடல் நிறை குறியீடு 35-க்கு மேலா, வயது 50-ஐத் தாண்டியதா, கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலா, ஆணா?

பிபி மாத்திரை சாப்பிடும், குறட்டை விடும் 54 வயது ஆணுக்கு இதிலேயே நான்கு ‘ஆம்’. மூன்று வந்தாலே சந்தேகம்தான். ஐந்து என்றால் அபாயம் அதிகம். உறுதி செய்வது தூக்கப் பரிசோதனை மட்டுமே. மூன்று மாத்திரை போட்டும் பிபி அடங்காதவர்கள் இதைப் பற்றி மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்.