சக்கரத்தடியில் எத்தனை மில்லிமீட்டர்?

ரயில் சக்கரம் ஏறியதும் தண்டவாளம் அமிழ்கிறது. எவ்வளவு என்று கணக்கிட 1867-இல் எமில் விங்க்லர் ஒரு வழி சொன்னார். தண்டவாளத்தை நீண்ட உத்திரமாகவும், கீழுள்ள ஸ்லீப்பர், ஜல்லி, மண் மூன்றையும் நெருக்கமான ஸ்பிரிங் வரிசையாகவும் வைத்துக்கொள்ள வேண்டும்.

மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில், 10 டன் சுமையோடு ஒரு சக்கரம் நிற்கிறது. ஒரு மீட்டர் நீளத்தை ஒரு மில்லிமீட்டர் அமிழ்த்த 2 டன் தேவைப்படும் அடித்தளம் என்று கொள்வோம். கணக்கு போட்டால் சக்கரத்தடியில் இறக்கம் சுமார் 2.4 மில்லிமீட்டர். விலக விலகக் குறைந்து, இரண்டரை மீட்டரில் பூஜ்யமாகிறது. அதற்கப்பால் தண்டவாளம் 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு மேலெழும்புகிறது! தண்டவாளமும் ஸ்லீப்பரும் தம் எடையால் அழுத்தி வைத்திருப்பதால்தான் ஜல்லியோடு தொடர்பு அறுவதில்லை. தரையில் ஒட்டாத லேசான உத்திரமாக இருந்தால் அங்கே இடைவெளி விழும். நிஜ மண் இழுத்துப் பிடிக்காது என்பதால் அங்குள்ள ஸ்பிரிங்குகளை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிட வேண்டும்.

மழையில் அடித்தளம் இளகி ஸ்பிரிங் வலு பாதியானால் இறக்கம் இரட்டிப்பதில்லை. ஏறத்தாழ 4 மில்லிமீட்டர்தான். உத்திரம் சுமையை இன்னும் அகலமாகப் பகிர்ந்துகொள்கிறது.

இந்த மாதிரியில் ஒரு குறை உண்டு. ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தே அமுங்குகிறது. நிஜ மண்ணோ பக்கத்து மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும். ஆகவே ஸ்பிரிங் வலுவை மண்ணின் நிலையான குணமாகக் கொள்ளக்கூடாது. அடித்தளம் அகலமானால் அந்த எண்ணும் மாறும்.