அணைக்கக் கூடாத மூலம்

நான்கு மின்தடைகளைச் சாய்சதுரமாகக் கோத்த வீட்ஸ்டன் சமனச்சுற்றைப் பள்ளி இயற்பியலில் பார்த்திருப்போம். அதன் இரு பக்க முனைகளுக்கு நடுவே ஒரு கருவியை இணைத்தால், அதற்குச் சுற்றின் உட்புறம் எதுவும் தெரியாது. ஒரு மின்னழுத்த மூலமும் அதோடு தொடராக ஒரு மின்தடையும் இருப்பதாகவே அது உணரும். பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் தெவினின் 1883இல் வெளியிட்ட தேற்றம் இதுதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மேல் கைகள் இரண்டும் 3 கிலோ ஓம், கீழ்க் கைகள் இரண்டும் 6 கிலோ ஓம். உச்சிக்கும் அடிக்கும் இடையே 12 வோல்ட். இடமுனை அ, வலமுனை ஆ இரண்டிலும் 8 வோல்ட்; சுற்று சமநிலையில் இருக்கிறது.

இப்போது அடியிலிருந்து ஆ-வுக்கு மின்னோட்டம் செலுத்தும் சார்பு மூலம் ஒன்றைச் சேர்ப்போம். அ-வில் உள்ள ஒவ்வொரு வோல்ட்டுக்கும் அது 0.25 மில்லி ஆம்பியர் தரும். டிரான்சிஸ்டரின் வேலையைத் தாளில் இப்படித்தான் வரைகிறோம்.

அ-வில் 8 வோல்ட் இருப்பதால் ஆ-வுக்குள் 2 மில்லி ஆம்பியர் பாய்கிறது. ஆ-விலிருந்து பார்த்தால் 3, 6 இரண்டும் பக்க இணைப்பாகி 2 கிலோ ஓம் ஆகின்றன. ஆகவே ஆ 4 வோல்ட் உயர்ந்து 12 ஆகிறது. அ-வைவிட ஆ 4 வோல்ட் அதிகம். இதுவே சமான மின்னழுத்தம்.

அடுத்தது மின்தடை. மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். எல்லா மூலங்களையும் அணைத்துவிட்டு, 2 கிலோ ஓமும் 2 கிலோ ஓமும் சேர்ந்து 4 என்று எழுதிவிடுவார்கள். 12 வோல்ட்டை அணைப்பது சரி; அதன் இடத்தில் வெறும் கம்பி போதும். சார்பு மூலத்தை அணைக்கக் கூடாது. அ-வின் மின்னழுத்தம் மாறும்போதெல்லாம் அது எதிர்வினை காட்டும். அந்த எதிர்வினையும் மின்தடையில் அடக்கம்.

எனவே 1 மில்லி ஆம்பியரை அ-வில் செலுத்தி ஆ வழியாக வெளியே எடுப்போம். அ-வில் 2 வோல்ட் எழும். சார்பு மூலம் ஆ-வுக்கு 0.5 மில்லி ஆம்பியர் தரும். அங்கே நிகர இழப்பு 0.5 மட்டுமே என்பதால் ஆ −1 வோல்ட்டில் நிற்கும். இடைவெளி 3 வோல்ட். மின்தடை 3 கிலோ ஓம்.

சரிபார்க்க வேண்டுமானால் மூலச் சுற்றில் அ, ஆ இரண்டையும் கம்பியால் இணைத்துக் கணக்கிடுங்கள். கம்பியில் 4/3 மில்லி ஆம்பியர் ஓடும். 4 வோல்ட்டை அதனால் வகுத்தால் அதே 3 கிலோ ஓம்தான். 4 கிலோ ஓம் என்று எழுதியவருக்கு இந்த இடத்தில் 1 மில்லி ஆம்பியர்தான் வரும். பிழை உடனே தெரிந்துவிடும்.

வோல்ட்டுக்கு 1 மில்லி ஆம்பியர் என்று சார்பு மூலத்தை வலுவாக்கினால் இதே சுற்றின் மின்தடை சுழியாகும். அதற்கும் மேலே போனால் எதிர்மறையாகும். கணக்கு தப்பிவிட்டதோ என்று பதற வேண்டாம். நாம் செலுத்தும் சோதனை மின்னோட்டத்துக்கே சார்பு மூலம் ஆற்றலைத் திருப்பித் தருகிறது என்பதே அதன் பொருள்.