கிரியேட்டினின் 1.4... கிரியேட்டின் சாப்பிட்டதால் கிட்னி போயிடுச்சா? ரிப்போர்ட்டை எப்படிப் புரிந்துகொள்வது?

வேலையில் சேர மெடிக்கல் செக்கப் எடுக்கிறார் 26 வயது இளைஞர் ஒருவர். ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 1.4 என்று இருக்கிறது, பக்கத்திலேயே தடித்த எழுத்தில் 'ஹை'. போன வருஷம் இதே டெஸ்டில் 1.0 தான் வந்தது. இடையில் மாறியது ஒன்றே ஒன்று: ஆறு மாசமா ஜிம், தினமும் 5 கிராம் கிரியேட்டின், இரண்டு ஸ்கூப் புரோட்டீன் பவுடர். "அந்தப் பவுடர் வேண்டாம்னு அப்பவே சொன்னேன்ல" என்று வீட்டில் ஆரம்பித்துவிடுவார்கள். இது ஒரு உதாரணம்தான். ஆனால் ஜிம் போகும் பலர் வீட்டிலும் நடக்கிற கதை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கிரியேட்டின் வேறு, கிரியேட்டினின் வேறு. கிரியேட்டின் என்பது தசைக்கு உடனடி சக்தி கொடுக்கும் பொருள். நம் உடம்பே அதைத் தயாரிக்கிறது, கறி, மீனிலும் இருக்கிறது. தசையில் இருக்கும் கிரியேட்டினில் தினமும் சுமார் 2 சதவீதம் தானாகவே உடைந்து கிரியேட்டினின் என்ற கழிவாக மாறும். அதை வடிகட்டி சிறுநீரில் அனுப்புவது கிட்னியின் வேலை. கிட்னி மந்தமானால் இந்தக் கழிவு ரத்தத்தில் தேங்கும். அதனால்தான் டாக்டர்கள் அதை அளக்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான். தொட்டியில் தண்ணீர் மட்டம் ஏற இரண்டு காரணம் இருக்கலாம். வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம், அல்லது மேலே திறந்த குழாயில் தண்ணீர் அதிகமாக வரலாம். ரத்தத்தில் இருக்கும் கிரியேட்டினின் அளவு, இதில் எது நடந்தது என்று சொல்லாது. தசை கூடினால், கிரியேட்டின் சாப்பிட்டால், முந்தின நாள் நல்லா மட்டன் சாப்பிட்டால், காலையில் கடுமையாக ஒர்க்அவுட் செய்துவிட்டு அப்படியே லேப் போனால், எல்லாமே வரத்தைக் கூட்டும். நம்ம உதாரண இளைஞர் விஷயத்தில் இந்த நாலும் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

ரிப்போர்ட்டில் 'இ-ஜிஎஃப்ஆர்' என்று இன்னொரு எண்ணும் இருக்கும். கிட்னி நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தத்தை வடிகட்டுகிறது என்பதன் மதிப்பீடு. அதை யாரும் நேரடியாக அளப்பதில்லை. கிரியேட்டினின், வயது, பாலினம் மூன்றையும் ஃபார்முலாவில் போட்டுக் கணக்கிடுகிறார்கள். 2021 ஃபார்முலாப்படி இவருக்கு 1.0 இருந்தபோது சுமார் 106, 1.4 ஆனதும் சுமார் 71. மூன்றில் ஒரு பங்கு கிட்னி போன மாதிரி தோணும். ஆனால் உள்ளே போட்ட எண் ஏறியதால் வந்த விடை இது, அவ்வளவுதான்.

அப்போ உண்மையை எப்படிக் கண்டுபிடிப்பது?

டாக்டரிடம் "கிரியேட்டின் எடுக்கிறேன்" என்று சொல்வதுதான் முதல் படி. பலர் பயந்து மறைத்துவிடுகிறார்கள். பிறகு 2 முதல் 4 வாரம் பவுடரை நிறுத்திவிட்டு, டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே ஜிம்முக்கும் கறிக்கும் லீவு விட்டு, மறுபடி பார்க்கலாம். எண் இறங்கினால் நிம்மதி. காத்திருக்க முடியாது என்றால் 'சிஸ்டாட்டின் சி' என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. தசையின் அளவும் கிரியேட்டின் பவுடரும் இதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. நம் இளைஞருக்கு இது 0.85 என்று வந்தால், அதை வைத்துக் கணக்கிடும் இ-ஜிஎஃப்ஆர் சுமார் 110. அதாவது கிட்னி நல்லாவே வேலை செய்கிறது.

கூடவே சிறுநீரில் அல்புமின் டெஸ்ட் அவசியம். வடிகட்டி சேதமானால் புரதம் கசியும். கிரியேட்டின் சாப்பிடுவதால் மட்டும் அது கசியாது. அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் 30-க்கு மேல் இருந்தால், ஜிம்மைக் காரணம் காட்டித் தள்ளிவிடாமல் மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

புரோட்டீன் பவுடர் கதை கொஞ்சம் வேறு. அது யூரியாவை ஏற்றும். ஆரோக்கியமான கிட்னி இதைச் சமாளித்துவிடும். ஏற்கெனவே கிட்னி பாதிப்பு இருப்பவருக்குக் கூடுதல் புரதம் சுமைதான். சுகர், பிரஷர் உள்ளவர்களுக்குப் பாதிப்பு இருப்பதே தெரியாமல் இருக்கலாம். அவர்கள் டெஸ்ட் எடுத்துவிட்டு டப்பாவைத் திறப்பது நல்லது. சில மாஸ் கெயினர்களில் கிரியேட்டினும் கலந்திருக்கும். "நான் கிரியேட்டினே எடுக்கலையே" என்பவர்கள் லேபிளைத் திருப்பிப் பார்க்கவும்.

உண்மையான ஆபத்து பெரும்பாலும் வேறு இடத்தில். உடம்பு வலிக்கு அடிக்கடி போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் மாத்திரைகள், அதுவும் தண்ணீர் குறைவாகக் குடித்த நாளில், கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். ஸ்டீராய்டு ஊசி இன்னும் மோசம். நீண்ட காலம் ஸ்டீராய்டு எடுத்த 10 பாடிபில்டர்களில் 9 பேரின் கிட்னி வடிகட்டிகளில் தழும்பு விழுந்திருந்ததை 2010-இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

கடும் ஒர்க்அவுட்டுக்குப் பிறகு தசை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும். தசை சிதைந்து அந்தக் கழிவு கிட்னியை அடைக்கும் நிலை அது. அங்கே இரண்டு வாரக் காத்திருப்பெல்லாம் கிடையாது.